நடக்கும்போது நாடி எவ்வளவு?

கேள்வி: வயது 65. பல வருடமாகச் சர்க்கரை. தாமிரபரணிப் பாலத்தில் தினமும் வேகமாக நடக்கிறேன். நாடித்துடிப்பு எவ்வளவு வரை போகலாம்?
– வாசகர், ஏரல்

பதில்: 220-இல் வயதைக் கழித்தால் 155. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 99 முதல் 118 வரை உத்தேச அளவு. பத்து நிமிடம் நடந்ததும் நின்று, உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 27 துடிப்பு என்றால் 108, நல்ல வேகம்.

ஆனால் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் இந்தக் கணக்கு உதவாது. அவை துடிப்பை ஏறவிடாது. நாள்பட்ட சர்க்கரையால் இதய நரம்புகள் பாதிக்கப்பட்டாலும் அப்படித்தான். அப்போது எண்ணைத் துரத்தி நடப்பது ஆபத்து. பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக்கூடாது. அதுவே உங்கள் வேகம். நெஞ்சு இறுகினால் உடனே நின்று மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.