ஆள் மாறிப் போச்சா? குரலைக் கவனியுங்க!

பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரைப் பின்னாலிருந்து பார்த்து, ‘என்ன மாமா, எப்ப வந்தீங்க?’ என்று தோளைத் தொட்டுவிடுகிறோம். திரும்பினால் முன்பின் தெரியாத ஆள்! ‘மன்னிச்சுக்குங்க, வேற ஒருத்தர்னு நெனச்சுட்டேன்’ என்று அசடு வழிய நகர்கிறோம். இது நடக்காத மனிதரே இல்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டியவருக்கு அடிக்கடி நடந்தால், வீட்டில் இருப்பவர்கள் ‘மறதி நோய் வந்துடுச்சோ’ என்று கலங்கிப் போகிறார்கள்.

முதலில் இது எப்படி நேருகிறது என்று பார்ப்போம். கண் தருவது வெறும் உருவம்தான். அதை மனதில் பதிந்திருக்கும் முகங்களோடு ஒப்பிட்டு, ‘இவர் இன்னார்’ என்று சொல்வது மூளை. உருவம் அரைகுறையாகக் கிடைத்தால், மிச்சத்தை நடை, உயரம், தலைமுடி, புடவை நிறம் இவற்றை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும். அந்த இடத்தில் யாரை எதிர்பார்க்கிறோமோ அவராகவே நிரப்பும். 1985-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தில் 22 பேர், ஆளை அடையாளம் காண்பதில் தங்களுக்கு நேர்ந்த தடுமாற்றங்களை டைரியில் குறித்து வந்தார்கள். அவற்றில் ஒருவரை இன்னொருவராக நினைத்துவிட்டது மட்டும் முந்நூறு முறைக்கு மேல்! அவர்கள் நோயாளிகள் அல்ல, சாதாரண மனிதர்கள்தான்.

அப்படியானால் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மொழி, விழி என்று இரண்டு உண்டு. இங்கே இரண்டுமே நமக்கு உதவும்.

என்னிடம் ஒரு அம்மாவை அவருடைய மகள் அழைத்து வந்தார். வயது 64. ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெண்மணியைத் தன் நாத்தனார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஒரே மாதத்தில் இப்படி மூன்றாவது முறை. “ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் கொடுங்க டாக்டர்” என்றார் மகள்.

நான் அந்த அம்மாவிடம், “அவங்க பேசினதும் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். “வாயைத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க, இது நம்ம ஆளு குரல் இல்லைன்னு” என்றார். நாத்தனார் பெயர், ஊர், பிள்ளைகள் எல்லாம் தடங்கலின்றிச் சொன்னார். ஆக, மனதில் பதிந்த ஆள் அப்படியே இருக்கிறார். பழுது, உருவம் வரும் வழியில்.

அடுத்த கேள்வி: “வெயிலிலா, நிழலிலா, எங்கே அதிகம் தடுமாறுது?” வெயிலில் கண் கூசுகிறது, இரவில் வண்டி விளக்கு பூப்பூவாய்ச் சிதறித் தெரிகிறது என்றார். கண்ணாடியைப் போட்டபடியே, ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடி, பத்தடி தள்ளியிருந்த தினசரி காலண்டரைப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணுக்குத் தேதி தெரிந்தது. இடது கண்ணுக்குப் புகை மூட்டம். இரண்டு கண்ணையும் சேர்த்தே பார்த்துப் பழகியதால், இத்தனை நாளும் அவருக்கே அது தெரியவில்லை!

கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கண்புரை என்று உறுதியாயிற்று. முற்றிய புரையை லேகியமோ சொட்டு மருந்தோ கரைக்காது. அறுவை சிகிச்சைதான் வழி. இலைச்சாறு எதையும் கண்ணில் பிழியவே கூடாது. அறுவை சிகிச்சை முடிந்து, புதுக் கண்ணாடியும் போட்டபின் ஆள் மாறாட்டம் நின்றது.

இதே காலண்டர் சோதனையை வீட்டிலும் செய்யலாம். கூடவே ஜன்னல் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். நேரான கம்பி வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரையில் கோளாறு இருக்கலாம். அப்போது நாள் கடத்தாமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் காலண்டரும் கம்பியும் நன்றாகத் தெரிந்துவிட்டால் மட்டும் கண்ணில் குறையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சிலருக்குப் பார்வை தெளிவாக இருந்தும், பிறவியிலிருந்தே முகம் மனதில் நிற்காது. குரலும் நடையும் வைத்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். தெரிந்தவரே முடியை வெட்டிக்கொண்டு வந்தால் திகைப்பார்கள். இது அறிவுக் குறைவும் அல்ல, அகம்பாவமும் அல்ல.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. குரலைக் கேட்ட பிறகும் ‘இல்ல, இவ என் தங்கச்சிதான்’ என்று சாதிப்பது, கூடவே இருக்கும் மகனையே யாரென்று கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது. இவை இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று முகங்கள் பிடிபடாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். வாய் கோணாவிட்டாலும், கை கால் விழாவிட்டாலும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.