யாழ்ப்பாணம் போக வாடகைக் கார் எடுக்கிறீர்களா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கார் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை வருவது பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான். சாவியை வாங்கமுன் இவற்றைச் செய்யுங்கள்.

1. உரிமையாளர் பக்கத்தில் நிற்க, காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். பம்பரின் அடிப்பக்கம், ரிம், மீற்றர், பெற்றோல் முள் எல்லாம் அதில் வரட்டும். பழைய கீறலைக் காட்டித்தான் வைப்புப்பணத்தில் கை வைப்பார்கள்.

2. நாள் வாடகையை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் என்றும் கேளுங்கள். 4 நாளுக்கு, நாளொன்றுக்கு 100 வீதம் 400 கிலோமீற்றர் தருகிறார்கள் என்று வையுங்கள். யாழ்ப்பாணம் போய்வரவே சுமார் 800 ஆகும். மேலதிக கிலோமீற்றருக்கு 50 ரூபாய் என்றால் பில்லில் இன்னும் 20,000 ரூபாய் ஏறும். மொத்த கிலோமீற்றருக்கு ஒரே விலை பேசி எழுதி வாங்குவதே நல்லது.

3. வைப்புப்பண ரசீதில் தொகையோடு, திருப்பித் தரும் திகதியையும் எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சைப் பிறகு நிரூபிக்க முடியாது.

4. காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பாவனைக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்றிருந்தால், விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்கலாம்.

5. டிக்கியைத் திறந்து ஸ்பெயார் ரயரையும் ஜக்கையும் பாருங்கள். வவுனியாவில் இரவு கார் நின்றால் யார் வருவார், இழுத்துப்போகும் செலவு யாருடையது, மாற்றுக் கார் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அவசர உதவிக்கென்று தந்த தொலைபேசி இலக்கத்துக்கு முதல்நாள் இரவே ஒருதரம் அழைத்துப் பாருங்கள். எடுக்காவிட்டால் வேறு இடம் தேடலாம்.