மானிட்டரை எங்கே மாட்டுவது?

கேள்வி: பிஎஸ்5-இல் விளையாடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்ட கேப்சர் கார்டு வாங்கி லேப்டாப்புடன் இணைத்திருக்கிறேன். லேப்டாப் திரை சிறியது என்பதால் அதில் இன்னொரு மானிட்டரை மாட்டி, ஓபிஎஸ் மென்பொருளில் வரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து விளையாடுகிறேன். பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். கார்டு பழுதா?

பதில்: கார்டில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. மானிட்டரை மாட்டிய இடம்தான் காரணம். இப்போது பிஎஸ்5 அனுப்பும் படத்தைக் கார்டு பதிவுசெய்து, யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்பி, ஓபிஎஸ் அதை வரைந்த பிறகே உங்கள் கண்ணுக்கு வருகிறது. நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 17 மில்லிநொடி. இந்த வழியில் பல பிரேம்கள் தாமதமாகிவிடும்.

உங்கள் கார்டில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கிறதா பாருங்கள். பிஎஸ்5-இன் கேபிள் ‘இன்’ துளைக்குப் போகட்டும். மானிட்டர் கேபிளை லேப்டாப்பிலிருந்து கழற்றி, கார்டின் ‘அவுட்’ துளையில் மாட்டுங்கள். லேப்டாப்பைத் தொடாமல் படம் நேராக மானிட்டருக்குப் போய்விடும். தாமதம் கண்ணுக்குத் தெரியாது. ஹெட்போனையும் மானிட்டரிலேயே செருகுங்கள். லேப்டாப் திரையை ஓபிஎஸ்ஸைக் கவனிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படம் பிந்தி வந்தாலும் விளையாட்டு கெடாது.

ஓபிஎஸ்ஸில் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால், பிஎஸ்5-இன் Settings > System > HDMI பகுதியில் Enable HDCP என்பதை அணையுங்கள். அது அணைந்திருக்கும்போது சில சினிமா செயலிகள் ஓடாது. படம் பார்க்கும்போது மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

இனி நேயர்கள் பக்கம். விளையாட்டின் படமும் ஒலியும் கார்டு வழியாகப் பிந்தி வர, உங்கள் குரல் மைக்கிலிருந்து முந்திக்கொள்ளும். நீங்கள் “ஐயோ!” என்று கத்திய பிறகுதான் அவர்கள் திரையில் ஆள் விழுவான். இரண்டு திரைகளும் தெரியும்படி கைப்பேசியில் 240 பிரேம் ஸ்லோமோஷனில் படம்பிடியுங்கள். மானிட்டரில் ஒரு வெடிப்பு தெரிந்ததிலிருந்து லேப்டாப்பில் அது தெரியும்வரை பிரேம்களை எண்ணுங்கள். 24 பிரேம் என்றால் 100 மில்லிநொடி. ஓபிஎஸ்ஸின் Advanced Audio Properties பகுதியில் மைக்குக்கு நேரான Sync Offset கட்டத்தில் 100 என்று கொடுங்கள். பிறகு சிறிது பதிவுசெய்து பார்த்து, கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

உங்கள் கார்டில் ‘அவுட்’ துளையே இல்லையென்றால் ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்குங்கள். பிஎஸ்5-இலிருந்து வரும் கேபிளை அதில் கொடுத்து, ஒரு கிளையை மானிட்டருக்கும் மற்றதைக் கார்டுக்கும் விட்டால் இதே பலன் கிடைக்கும்.