குடிநீர் வரும் நேரம் மாறுகிறது

நகராட்சியின் நீண்ட அறிவிப்பிலிருந்து நம் வீடுகளுக்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தருகிறோம். தினமும் காலையில் வந்த குடிநீர், வரும் திங்கள் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை 4 முதல் 6 மணி வரை வரும். முதலில் வரும் கலங்கல் நீரைத் தனியே பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாளைக்கு 50 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடம் நான்கு போதும். தேக்கிவைக்கும் நல்ல நீரில்தான் டெங்கு கொசு அதிகம் பெருகுகிறது. அதன் முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டித் தொட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போகாது. எனவே வாரம் ஒருமுறை தொட்டியையும் குடத்தையும் உட்புறம் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே நீர் பிடித்து, இடைவெளியில்லாமல் மூடிவையுங்கள்.