பார்கோடு எண் E+12 ஆக மாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் பலசரக்கு மொத்தக் கடையில் நான்தான் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனியிலிருந்து விலைப்பட்டியல் மின்னஞ்சலில் CSV கோப்பாக வருகிறது. எக்செலில் திறந்தால் 13 இலக்க பார்கோடு எண்கள் எல்லாம் 8.90123E+12 என்று தெரிகின்றன. Number என்று மாற்றினேன், சரியாகிவிட்டது, சேமித்தேன். மறுநாள் திறந்தால் பழையபடி E+12. அன்றைக்கு ஒரே ஒரு விலையை மட்டும் திருத்திச் சேமித்தேன். அதன்பிறகு Number என்று மாற்றினாலும் எல்லாப் பொருளுக்கும் 8901230000000 என்றே வருகிறது. பில்லிங் மென்பொருளில் ஏற்றினால் நாற்பது பொருளும் ஒரே பொருளாகிவிடுகிறது. எண்களை மீட்க முடியுமா?

பதில்: அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. முதலில் மின்னஞ்சலில் வந்த கோப்பைப் புதிதாகத் தரவிறக்கி வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எக்செலில் திறக்க வேண்டாம். நோட்பேடில் திறந்து பாருங்கள், எண்கள் முழுசாக இருக்கும்.

உங்களுக்கு இரண்டு நாளில் நடந்தது இரண்டு வேறு விஷயங்கள். ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். அதன் எண் 8901234567128 என்று வைத்துக்கொள்வோம். கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்ததும், இலக்கங்களாகவே இருக்கிறதே என்று எக்செல் இதைக் கூட்டிக் கழிக்கும் தொகையாக எடுத்துக்கொள்கிறது. General வடிவத்தில் இருக்கும் கட்டத்தில் 11 இலக்கம் வரை முழுசாகக் காட்டும். 12 இலக்கமாகிவிட்டால் சுருக்கி எழுதும். 8.90123E+12 என்றால், 8.90123 என்பதில் புள்ளியை 12 இடம் வலப்பக்கம் தள்ளிப் படி என்று பொருள். இந்த நிலையில் எண் எங்கும் போய்விடவில்லை. கட்டத்தைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டையைப் பார்த்தால் 8901234567128 அப்படியே இருக்கும். அதனால்தான் முதல் நாள் Number என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்படியானால் மறுநாள் ஏன் திரும்பியது? CSV என்பது வெறும் எழுத்துக் கோப்பு. கமா போட்டுப் பிரித்த வரிகள் மட்டுமே அதில் இருக்கும். ‘இந்த நெடுவரிசை Number’ என்ற குறிப்பை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. நீங்கள் போட்ட வடிவம் கோப்பை மூடியதும் போய்விட்டது. மறுநாள் எக்செல் மறுபடி General என்றே திறந்தது.

அந்த நிலையில் Save கொடுத்தீர்கள், இழப்பு அங்கேதான். CSV ஆகச் சேமிக்கும்போது எக்செல் கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை எழுதுவதில்லை. அந்த வடிவத்தில் காட்டும் எழுத்தை எழுதுகிறது. திரையில் 8.90123E+12 இருந்தது, கோப்பிலும் அதே எழுத்துகள் போய் உட்கார்ந்தன. அடுத்த முறை திறந்தபோது அதை விரித்தால் 8901230000000தானே வரும்? உங்கள் நாற்பது பொருளும் ஒரே எண்ணாக மாறியது இப்படித்தான். நீங்கள் திருத்தியது ஒரு விலை. அழிந்ததோ நெடுவரிசை முழுவதும்.

எண் கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 13 இலக்க பார்கோடின் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். நம் எண்ணுக்கு 102 வருகிறது. அடுத்த பத்தின் மடங்கான 110க்கு 8 குறைகிறது. கடைசி இலக்கமும் 8, ஆகவே எண் சரி. 8901230000000க்கு அதே கணக்குப் போட்டால் 49 வரும். கடைசி இலக்கம் 1 ஆக இருந்திருக்க வேண்டும், இருப்பதோ 0. ஆனால் இந்தச் சோதனை தப்பைக் காட்டுமே தவிர, தொலைந்த இலக்கங்களைத் திருப்பித் தராது.

இனி எப்படித் திறப்பது? எக்செலில் வெற்றுத்தாளைத் திறந்து Data பகுதியில் From Text/CSV என்பதைச் சொடுக்கிக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்தோற்றம் வந்ததும் Load கொடுக்காமல் Transform Data கொடுங்கள். பார்கோடு நெடுவரிசையின் தலைப்பில் 123 என்ற சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கி Text என்று மாற்றுங்கள். அப்போது ஒரு கேள்வி கேட்கும், அதற்கு Replace current என்பதே பதில். Add new step கொடுத்தால் முதலில் எண்ணாக்கிவிட்டுப் பிறகு எழுத்தாக்கும். 0 என்று தொடங்கும் குறியீடுகளில் அந்த முன் சுழியம் அதற்குள் போய்விட்டிருக்கும். பிறகு Close & Load.

இப்படி வந்த தாளை .xlsx ஆகச் சேமித்து, விலைத் திருத்தமெல்லாம் அதிலேயே செய்யுங்கள். பில்லிங்குக்கு ஏற்ற வேண்டிய அன்று மட்டும் அதிலிருந்து CSV எடுங்கள். எடுத்ததைச் சரிபார்க்க நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செலில் திறந்து பார்த்துவிட்டு மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால், பழக்கத்தில் ஆம் கொடுத்துவிடுவோம்.

கையால் தட்டச்சு செய்வதானால், காலியான நெடுவரிசையை முதலில் Text என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். தட்டச்சு செய்த பிறகு Text ஆக மாற்றினால் E+12 அப்படியே நிற்கும். ஏற்கெனவே எண்ணாக உட்கார்ந்துவிட்ட 13 இலக்கக் குறியீடுகளைப் பக்கத்து நெடுவரிசையில் இப்படி எழுத்தாக்கலாம்:

```
=TEXT(A2,"0")
```

ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தாக உள்ள குறியீட்டையும் எண்ணாக உள்ள குறியீட்டையும் VLOOKUP ஒன்றாகக் கருதாது. கண்ணுக்கு ஒரே எண்ணாகத் தெரிந்தும் #N/A வந்தால், இரண்டு தாளிலும் அந்த நெடுவரிசை Text தானா என்று பாருங்கள்.

13 இலக்கம் என்பதால் உங்களுக்கு முதல் நாளாவது எண் தப்பியது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்வரைதான் நினைவில் வைக்கும். 1234567890123456 என்ற 16 இலக்கக் குறியீட்டை General கட்டத்தில் தட்டி Enter அழுத்திய நொடியிலேயே கடைசி 6 போய் 0 ஆகிவிடும். சேமிக்கும்வரை கூடக் காத்திருக்காது. பெட்டிகளின் மேல் ஒட்டும் 18 இலக்க எண்களையும் பட்டியலில் ஏற்றுவதாக இருந்தால், Text தவிர வேறு வழியில்லை.

பழைய மின்னஞ்சல் அழிந்துவிட்டிருந்தால், நாற்பது பொருள்தானே, ஒரு நெடுவரிசையை Text ஆக்கிவிட்டு ஸ்கேனரால் பொருள்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்கள் விசைப்பலகை போலவே எண்ணைத் தட்டிவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.