விடை வராத கட்டத்தை எந்த வரியில் எழுதுவது?

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி ராயகிரி. அங்கே 200 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி முடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முறையைப் புரிய வைப்பதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். ஆனால் இந்தச் சிக்கல் களத்திலிருந்து படிவங்களோடு திரும்பும் எல்லோருக்கும் வருவதுதான். பாலினம் 200 பேருக்கும் இருக்கிறது. வயது 14 படிவங்களில் இல்லை. படிப்பு 8 படிவங்களில் இல்லை. குடும்ப மாத வருமானம் 56 படிவங்களில் காலி. இப்போது அறிக்கையின் முதல் அட்டவணையை, அதாவது பதில் சொன்னவர்கள் யார் யார் என்று காட்டும் அட்டவணையைப் போட வேண்டும். அந்தக் காலிக் கட்டங்களை என்ன செய்வது?

வழிகள் மூன்று. எல்லாக் கேள்விக்கும் விடை தந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற படிவங்களை ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னவர்களைக் கொண்டு சதவீதம் போட்டு, விடுபட்டவர்களின் எண்ணிக்கையைத் தனியே குறிக்கலாம். அல்லது 200ஐயே வகுக்கும் எண்ணாக வைத்து, ‘விடையில்லை’ என்பதையும் ஒரு வரியாக்கி அதற்கும் சதவீதம் கொடுக்கலாம்.

முதல் வழி சுத்தமாகத் தெரியும். எல்லா வரியிலும் ஒரே மொத்தம், அடிக்குறிப்பு எதுவும் தேவையில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் பலரும் இதையே விரும்புகிறார்கள். அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் 200 பேரில் எல்லாவற்றுக்கும் விடை தந்தவர்கள் 131 பேர்தான். வயது தெரிந்த 186 பேரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 38, அதாவது 20.4 சதவீதம். ஒதுக்கிய பிறகு எஞ்சிய 131 பேரில் முதியவர்கள் 15 பேர், 11.5 சதவீதம். கணக்கெடுப்பில் வந்த முதியவர்களில் பாதிக்கு மேல் அட்டவணையை விட்டுப் போய்விட்டார்கள். படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஏன் அவர்களே அதிகம் போனார்கள்? வருமானக் கேள்வியை யார் விட்டார்கள் என்று வயதோடு சேர்த்துப் பார்த்தால் தெரியும். 40 முதல் 59 வயதுள்ள 70 பேரில் 11 பேர் விடை தரவில்லை. 18 முதல் 39 வரையுள்ள 78 பேரில் 20 பேர். முதியவர்கள் 38 பேரில் 21 பேர். (மீதி 4 பேருக்கு வயதும் தெரியாது.) திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டால், “அதெல்லாம் மவன் பாத்துக்கிடுவான் தாயி” என்றுதான் பதில் வரும். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் வயல் கூலிக்குப் போகிறவருக்கும் மாத வருமானம் என்று ஒரு தொகையே கிடையாது. காலிக் கட்டம் தற்செயலாக விழுவதில்லை. அதனால்தான் முதல் வழியை முதல் அட்டவணைக்கு நான் ஏற்பதில்லை. அடுத்த பகுப்பாய்வு அந்த 131 பேரை வைத்தே நடக்கிறது என்றால் அவர்களுக்கும் ஒரு பத்தி கொடுக்கலாம். ஆனால் 200 பேரின் பத்திக்குப் பக்கத்தில்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு. வருமானத்தை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம்.

| குடும்ப மாத வருமானம் (ரூ.) | எண்ணிக்கை | விடை தந்த 144 பேரில் % | மொத்தம் 200 பேரில் % |
|---|---|---|---|
| 10,000 வரை | 66 | 45.8 | 33.0 |
| 10,001–20,000 | 54 | 37.5 | 27.0 |
| 20,000க்கு மேல் | 24 | 16.7 | 12.0 |
| விடையில்லை | 56 | – | 28.0 |

அதே 66 பேர். ஒரு பத்தியைப் படித்தால் ‘ஏறத்தாழ பாதிப்பேர்’ பத்தாயிரத்துக்குள் வாழ்கிறார்கள். இன்னொன்றைப் படித்தால் ‘மூன்றில் ஒருவர்’. வகுக்கும் எண் எது என்று எழுதாத அறிக்கையில் இரண்டில் எது சொல்லப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

விடுபட்டவர்கள் சொற்பமாக இருந்தால் விடை தந்தவர்களில் சதவீதம் போதும். படிப்பில் 8 பேர் விடுபட்டது 4 சதவீதம். எப்படிப் போட்டாலும் கதை மாறாது. கேள்வியின் தலைப்பிலேயே ‘192 பேர், விடையில்லை 8’ என்று எழுதிவிடலாம். வருமானம் போல கால்வாசிக்கு மேல் காலியாக இருக்கும்போது விடுபட்டவர்களுக்குத் தனி வரியும் மொத்தத்தில் அதன் சதவீதமும் கட்டாயம் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மத அட்டவணை மூன்றாவது வழியில் போனது. மதம் குறிப்பிடாத ஏறத்தாழ 29 லட்சம் பேரையும் ஒரு வரியாக வைத்து, 121.09 கோடி மொத்தத்தில் 0.2 சதவீதம் என்று காட்டியது. ‘எனக்குத் தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்பவையே ஒரு தகவலாக இருக்கும் கேள்விகளுக்கு இந்த வழிதான் பொருத்தம். கூர்நோக்கு ஆய்வுகளுக்காக 2007இல் வெளியான ‘ஸ்ட்ரோப்’ நெறிமுறை சதவீதம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு மாறிக்கும் விடுபட்டோர் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்கிறது. குறைந்தபட்சம் அதைச் செய்தால்கூட, மற்ற சதவீதத்தைப் படிப்பவரே போட்டுக்கொள்ள முடியும்.

கணினி நமக்காக முடிவெடுத்துவிடும் இடத்தில் கவனம் வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் `Percent`, `Valid Percent` என்று இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் தரும்; பாலினத்துக்கு ஒன்றிலிருந்தும் வருமானத்துக்கு மற்றதிலிருந்தும் எடுத்து எழுதிவிடுவது எளிது. ஆர் மொழியில் சாதாரணமாக `table` போட்டால் காலிக் கட்டங்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அவற்றையும் எண்ணச் சொல்ல வேண்டும்:

```
table(d$income, useNA = "always")
```

இன்னொரு பொறி, விடையில்லாத வயதுக்கு 99 என்று பதிவது. அந்த 99 விடுபட்டதன் குறி என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால் அது வயதாகவே எண்ணப்படும். 186 பேரின் சராசரி வயது 44 என்றால், 14 பேருக்கு 99 சேர்ந்ததும் சராசரி 47.9 ஆகிவிடும். அதிகபட்ச வயதையும் அது எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்பதையும் பார்த்தாலே பிடிபடும். ஒரே பேரூராட்சியில் 99 வயதுக்காரர்கள் 14 பேர் இருக்க மாட்டார்கள். எந்த விடையாகவும் வர முடியாத -9 போன்ற எண்ணைக் குறியாக வைப்பது நல்லது. அதையும் விடுபட்ட குறி என்று மென்பொருளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

‘பொருந்தாது’ என்பதை ‘விடையில்லை’யோடு கலக்கக் கூடாது. திருமணமாகாதவரிடம் கணவரின் தொழிலைக் கேட்காமல் விட்டது விடுபடல் ஆகாது. அந்தக் கேள்விக்கு மணமான பெண்களின் எண்ணிக்கையே மொத்தம். விடுபட்டவர்களையும் அதற்குள்தான் எண்ண வேண்டும்.

சிறிய ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு, 25 பேருக்கும் குறைவானவர்களை அடிப்படையாகக் கொண்ட சதவீதத்தை வெளியிடாமல் நட்சத்திரக் குறி போடுகிறது. 25 முதல் 49 வரை என்றால் அடைப்புக்குறிக்குள் தருகிறது. எண் சிறிதாக இருந்தால் சதவீதம் நிலையாக இருக்காது என்பது அதன் காரணம். ராயகிரியில் அதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. தொழில் வரியில் ‘மருத்துவர் – 1’ என்றோ, பாலின வரியில் ‘திருநங்கை – 1’ என்றோ எழுதினால், ஊரில் யாரும் அது யார் என்று கேட்க வேண்டியதில்லை. தொழிலை ‘மாதச் சம்பள வேலை’ என்ற பெரிய வகையில் சேர்த்துவிடலாம். பாலினத்தை அப்படி வேறொன்றில் கரைப்பது அந்த மனிதருக்கு நியாயமில்லை; அங்கே அவரிடமே கேட்டு, அவர் சம்மதிக்கும் விதத்தில் எழுத வேண்டும்.