இதயப் படத்தை இப்போதே மறைத்துப் பழகுங்கள்

ஆண்டு இறுதி மழையோடு எஸ்.பி.எம். தேர்வும் நெருங்குகிறது. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் உயிரியல் எடுத்திருக்கும் மாணவர்கள், படத்தில் பெயரை மறைத்துக் கேட்கும் அட்டைகளை இந்த வாரமே செய்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் செய்தால் நாள் போதாது.

நான்காம் படிவப் பாடநூலின் இதயப் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதில் நான்கு அறைகள், நான்கு பெரிய குழாய்கள், அறைகளுக்கு இடையிலுள்ள இரண்டு வால்வுகள் என்று பத்துப் பெயர்களை மறைக்கலாம். ஆங்கி செயலியைக் கணினியில் இலவசமாக இறக்கலாம், 23.10 பதிப்பிலிருந்து படத்தில் பெயரை மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. Image Occlusion வகையைத் தேர்ந்து படத்தைச் சேர்த்து, ஒவ்வொரு பெயர்மீதும் ஒரு கட்டம் வரைந்தால் பத்து அட்டைகள் தயார்.

கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். "அயோர்த்தா" மீது குட்டைக் கட்டமும் "ஆர்த்தேரி பல்மோனாரி" மீது நீளக் கட்டமும் போட்டால், நீளமே விடையைச் சொல்லிவிடும். பெயரிலிருந்து உறுப்புக்குப் போகும் கோட்டை மட்டும் மூடக்கூடாது.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. Hide One, Guess One முறையில் ஒரு பெயர் மட்டும் மறையும், மற்றவை தெரியும். மூன்று அறைகளின் பெயர் கண்முன் இருந்தால், நான்காவது "வென்ட்ரிகல் கிரி" என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அது கழித்துக் கண்டுபிடித்த விடை. தேர்வுத்தாளில் அந்தத் துணை இருக்காது. இதயத்துக்கு Hide All, Guess One முறைதான் சரி. எல்லாப் பெயர்களும் மூடியிருக்க, கேட்கும் கட்டம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும்.

ஒரே படத்தின் அட்டைகள் அடுத்தடுத்து வந்தால், ஒன்றின் விடை இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும். அமைப்பில் Bury new siblings என்பதை இயக்கினால், ஒரு படத்திலிருந்து நாளுக்கு ஒரு புதிய அட்டைதான் வரும். பத்துப் பெயரையும் ஒரு சுற்று பார்க்கவே குறைந்தது பத்து நாள் ஆகும். இப்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

பெயர் தெரிந்தால் மட்டும் முழு மதிப்பெண் வராது. இடது வென்ட்ரிகலின் சுவர் ஏன் தடிப்பு என்றும் கேட்பார்கள். உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ளுவது அதுதான், வலது வென்ட்ரிகல் நுரையீரல்வரை அனுப்பினால் போதும் என்பதை Back Extra பகுதியில் எழுதிவைக்க வேண்டும்.

கணினி இல்லாத தோட்ட வீடுகளில் ஒரு நகலெடுத்த படமும் ஒரே அளவில் வெட்டிய தாள் துண்டுகளும் போதும். அண்ணனோ அக்காவோ ஒவ்வொரு நாளும் வேறு வரிசையில் கேட்கலாம்.

இரண்டு வாரம் கழித்து, பழைய தேர்வுத்தாளிலிருந்து வேறு இதயப் படத்தைப் பெயர்களின்றி வைத்துப் பார்க்க வேண்டும். அதில் தடுமாறினால், மாணவர் கற்றது முதல் படத்தில் கட்டம் இருந்த இடத்தைத்தான். அந்த இரண்டாவது படத்துக்கும் உடனே அட்டைகள் செய்ய வேண்டும்.